முப்பத்தெட்டு முகங்களுக்கு இரண்டு பக்கம்

தரம் 11 பிள்ளைகளின் விடைபெறு மலர் வேலை நம்ம பாடசாலைகளில் தொடங்கும் நேரம் இது. வகுப்புப் படப் பக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன். பெற்றோரும் வாசியுங்கள்.

இம்முறை என் வகுப்பில் 38 பேர். செலவைப் பார்த்து ஒரே ஏ4 பக்கத்தில் போடுவோம் என்றார்கள். குறுக்கே ஆறு, கீழே ஏழு என்று கட்டம் போட்டால் எல்லோரும் அடங்குவார்கள்தான். ஆனால் ஒரு கட்டத்தின் அகலம் 27 மில்லிமீற்றர்கூட வராது. அதற்குள் படமும் பெயரும் வாசகமும் என்றால் முகம் பெருவிரல் நகமளவுதான். அதனால் எதிரெதிரான இரண்டு பக்கம் கேட்டு வாங்கினோம். பக்கத்துக்குக் குறுக்கே ஐந்து, கீழே நான்கு. படம் 32க்கு 40 மில்லிமீற்றர், அதன் கீழே எழுத்துக்கு 17. மொத்தம் நாற்பது கட்டம். மிஞ்சிய இரண்டில் ஒன்று வகுப்பாசிரியருக்கு, மற்றது வருட நடுவில் வேறு ஊருக்குப் போன பிள்ளைக்கு.

எல்லாப் படத்தையும் ஒரே அளவில் வெட்டினாலும் பக்கம் கோணலாகத்தான் தெரியும். ஒருவர் தூரத்தில் நிற்பார், இன்னொருவர் கெமராவை முட்டிக்கொண்டிருப்பார். படத்தின் ஓரத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு வரிசையில் எல்லோருடைய கண்ணும் ஒரே கோட்டில், நாடியிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்தால் ஸ்டூடியோப் படமும் போன் படமும் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தும். வட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பாமல் டொகியுமன்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது சுருங்கித்தான் வரும்.

பெரிய சிக்கல் பெயர். நம்ம பிள்ளைகளுக்கு எம்.என்.எப். என்று முன்னெழுத்துகள் வரும். தமிழில் எழுதினால் அதுவே பாதிக் கட்டத்தைத் தின்றுவிடும். அதனால் கூப்பிடும் பெயரை முதல் வரியில் கொஞ்சம் பெரிதாக, முன்னெழுத்துகளைக் கீழே சிறிதாகப் போட்டோம். 'ரி'யா 'றி'யா என்பதை அச்சகத்தில் முடிவெடுக்க விடக்கூடாது. இடாப்பிலும் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். மாதிரிப் பிரதியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டத்தை வாசித்துப் பேனாவால் ஒப்பமிட்ட பிறகுதான் அச்சுக்குப் போனது.

வாசகத்துக்கு இரண்டு வரி. நண்பர்கள் எழுதலாம், ஆனால் கட்டத்துக்குரியவர் சம்மதிக்க வேண்டும். "எப்போதும் லேட்" என்று ஒரு மகனுக்கு எழுதியிருந்தார்கள். அவன் காலையில் வாப்பாவோடு மீன் வாடிக்குப் போய்விட்டு வருகிறவன். அவன் சிரித்துவிட்டு, "கடைசி பெஞ்சின் காவல்காரன்" என்று தானே மாற்றிக்கொண்டான்.

மகளின் படம் அச்சில் வர வேண்டாம் என்று நான்கு வீட்டார் சொன்னார்கள். அது அவர்களுடைய உரிமை. வழக்கமாக அந்த இடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைப் போடுவார்கள், அல்லது படமில்லாதவர்களின் பெயர்களைப் பக்க அடியில் ஒரே வரியில் அடுக்குவார்கள். இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நால்வரும் அதே 32க்கு 40 கட்டத்தில் தங்கள் கையெழுத்தில் விரும்பியதை எழுதித் தந்தார்கள், இடாப்பு வரிசைப்படி, மற்றவர்களுக்கு நடுவில். ஒருத்தி தன் பெயரை அரபு எழுத்தில் அழகாக எழுதியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, படம் தந்த மூன்று பேர் வந்து, "டீச்சர், எங்களுக்கும் அப்படியே போடலாமா?" என்று கேட்டார்கள். போட்டோம்.