ஏழு எட்டான பாட்டு

போன ஞாயிறு எங்கள் போடி சபையில் ஒரு பழைய கீர்த்தனை பாடினோம். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அத்தை வழக்கம்போலக் கைதட்டினார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவர் தட்டு கீபோர்டை முந்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு மனசு தாங்கவில்லை.

வீட்டில் அவரைப் பாடச் சொல்லி எண்ணினேன். தகிட தக திமி, ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாபு. கீபோர்டில் தம்பி போட்டிருந்த தாளமோ நாலு நாலாகப் போவது. அதற்குள் அடங்கக் கடைசி எழுத்தை ஓர் எண்ணிக்கை நீட்டியிருக்கிறார்கள். ஏழு எட்டாகிவிட்டது. அத்தை பிசகவே இல்லை.

ஆனால் இந்தக் கீர்த்தனைகளும் ஆதியிலிருந்தே இங்கே பாடப்பட்டவை அல்ல. மதுரை மிஷனின் எட்வர்ட் வெப், வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து 1853இல் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அதற்கு முன் இந்தப் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலும் மேற்கத்திய மெட்டுகள்தான். ஆக, அத்தையின் 'பழசும்' ஒரு காலத்தில் புதுசு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக பாணியையும் விட்டு நாட்டுப்புற மெட்டுக்குப் போனார். பாடுகிற சனமே பாட்டை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. அவரைப் பற்றி இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

மாறுவது எனக்குக் குறையில்லை. ஆனால் இங்கே மாற்றியது சனமில்லை, தாளப் பொத்தான். வருகிற ஞாயிறு சுருதி மட்டும் போதும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். தாளத்தை அத்தை தட்டுவார்.