பாட்டியை எடுத்துவிட்டுப் படியுங்கள்

நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைக்கும்போதே 'பாட்டியின் பாசம், பால்யத்தின் வாசம்' விளம்பரங்களும் முளைத்துவிடுகின்றன. பாட்டியை எடுத்துவிட்டால் அந்த வரியில் பொம்மையைப் பற்றி ஒன்றுமில்லை, தி.நகர் நகைக்கடைக்கும் அதுவே பொருந்தும். 'செட்டியார் பொம்மை முன் அரிசி, பருப்பு பரப்பியவர்களுக்கு: இது களிமண், காகிதக்கூழ் அல்ல, விழுந்தால் உடையும்' என்று எழுதிப் பார்க்கலாம். நினைவு கூப்பிடுகிறது, வாங்குவதா என்பதை விவரம் வாசகரிடமே விடுகிறது.

கொலு வைக்காத வீடுகள்தானே அதிகம் என்பார்கள். ஆமாம், அதனால்தான் 'நம் எல்லோருடைய பால்யம்' என்பது பொய். உடையும் என்றால் விற்குமா? கொலு வைப்பவர்கள் பொம்மையைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் ஏற்றத் தெரிந்தவர்கள். அவர்களிடம் மறைப்பதுதான் வியாபாரத்துக்குக் கேடு.