காகமா, கொடியா?

புதுவீடு கட்டப் புகுவோரிற் பலர் மேசனுக்கு முன் சாத்திரியாரையே நாடுகின்றனர். வாசலும் அடுப்பும் உரிய திசையில் அமைந்தால் கண்ணுக்குப் புலப்படாத சக்திகள் இணங்கி நிற்கும் என்பது வாஸ்து நம்பிக்கை. சீனரது பெங்சுயியும் ஏறத்தாழ இதனையே கூறும். நம்பிக்கையை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. அதன் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

வாஸ்துவில் யோனிப் பொருத்தம் என்றொரு கணக்கு உண்டு. வீட்டின் சுற்றளவைக் கோலால் அளந்து, வந்த எண்ணை 3 ஆற் பெருக்கி 8 ஆல் வகுத்தல் வேண்டும். மீதி 1 ஆயிற் கொடி. 3, 5, 7 ஆயின் முறையே சிங்கம், இடபம், யானை. இவை நான்கும் நல்லன. இரட்டை எண் மீதிகள் தீயன. மீதியின்றி வகுபடின் காகம், அதுவும் தீயதே.

கோலோ ஒன்றன்று. 24 விரற்கிடை கொண்டது கிஷ்கு. 25 கொண்டது பிராஜாபத்தியம். ஒரு வீட்டின் சுற்றளவு 1,800 விரற்கிடை எனக் கொள்வோம். பிராஜாபத்தியக் கோலால் அளந்தால் 72, மும்மடங்கு 216, அது 8 ஆல் மீதியின்றி வகுபடும். எனவே காகம். கிஷ்குவால் அளந்தால் 75, மும்மடங்கு 225, மீதி 1. எனவே கொடி. இன்ன பொருளுக்கு இன்ன கோல் என நூல்கள் விதித்தாலும், வழக்கிற் கோலின் நீளம் இடத்துக்கிடம் வேறுபட்டே வந்தது. சுற்றளவு ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா என்பதையே இக்கணக்கு நன்மை தீமையாக உரைக்கின்றது.

திசைகளும் அவ்வாறே. பெய்ஜிங் நகரின் பழைய முற்றவீடுகளில் தலைவாயில் பெரும்பாலும் தென்கிழக்கு மூலையில் இருக்கும். வாஸ்துவில் அது அக்கினி மூலை, அடுப்புக்கு உரியது. அவ்வீடுகளின் முதன்மை அறை தெற்கு நோக்கும். நமக்கோ அது யமன் திசை. மாரியில் வடக்கிலிருந்து வீசும் கடுங்குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டி, தெற்கே தாழ்ந்து செல்லும் வெயிலை உள்ளே வாங்குவதே அவ்வமைப்பின் பயன். அந்நாட்டுக் குளிருக்கு ஏற்ற விதியை, அக்குளிர் இல்லாத இலங்கையில் எதற்காகப் பின்பற்றுவது?

மலையகத்தில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட லயன்களை நோக்குவோம். நடுச்சுவர் ஒன்றே. ஒருபுறத்துக் காம்பராக்களின் வாசல் கிழக்கே எனின், மறுபுறத்தவை மேற்கே. திசையே வாழ்வை வகுப்பதாயின், ஒரு வரிசை செழித்து மறு வரிசை நலிந்திருக்க வேண்டுமன்றோ? இருபுறத்தாரும் ஒரே கொழுந்தைப் பறித்து, ஒரே கூலியைப் பெற்று, ஒரே கூரையின் ஒழுக்கிலேயே வாழ்ந்தனர். வாசலை அங்கே வைத்தவன் தோட்டத்துரை. கடன்பட்டேனும் நல்ல வாசலை இடித்து மாற்ற முனைவோர் அந்த நடுச்சுவரை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.