முப்பது நொடியில் நடுப்பகுதிதான் உயிர்

முப்பது நொடி விளம்பரத்தில் பெரும்பாலும் பலியாவது நடுவில் வரும் போராட்டம்தான். சிக்கலைக் காட்டியதும் பொருளைக் காட்டிவிடுகிறார்கள். அப்போது தீர்வு வந்தும் மனசில் ஒன்றும் நிற்பதில்லை.

2011 சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது வந்த ஃபோக்ஸ்வேகன் பஸாட் விளம்பரம் இதற்கு நல்ல பாடம். இணையத்தில் அறுபது நொடி, தொலைக்காட்சியில் முப்பது.

டார்த் வேடர் வேடமிட்ட சிறுவன். கையை நீட்டினால் பொருள்கள் அசைய வேண்டும். அசையவில்லை. இதுதான் சிக்கல், ஒரே சைகையில் புரிந்துவிடுகிறது, வசனமே வேண்டாம்.

அடுத்து நாயிடம் முயல்கிறான். பொம்மையிடம் முயல்கிறான். எதுவும் நடக்கவில்லை. ஒரு முயற்சிக்கு இரண்டு, மூன்று நொடி போதும். ஆனால் ஒரே ஒரு தோல்வி போதாது. அடுத்தடுத்துத் தோற்றால்தான் பார்ப்பவர் அவன் பக்கம் சாய்வார்.

அப்பா காரில் வந்து இறங்குகிறார். சிறுவன் காரை நோக்கிக் கை நீட்டுகிறான். இன்ஜின் உறுமுகிறது! அவன் திடுக்கிட்டுப் பின்வாங்குகிறான். வீட்டுக்குள்ளே அப்பாவின் கையில் ரிமோட்.

காரின் ஒரு வசதியே கதையின் முடிச்சை அவிழ்க்கிறது. எவ்வளவு அழகான எழுத்து! படத்தொகுப்பு மேசையில் இதைச் சோதிக்கலாம்: பொருள் வரும் காட்சியை எடுத்துவிட்டாலும் கதை முடிகிறதா? முடிந்தால், அந்தப் பொருள் கதைக்குள் வரவே இல்லை.

ஆக, முப்பது நொடியை இப்படிப் பிரிக்கலாம்: சிக்கலுக்கு ஐந்தாறு நொடி, போராட்டத்துக்குப் பாதி நேரம், மிச்சம் தீர்வுக்கும் லோகோவுக்கும். அறிமுகமே பத்து நொடியை விழுங்கினால் எதை வெட்டுவது?