மாடியில் இரண்டு அறை, மீட்டரில் பழைய கணக்கு

தஞ்சாவூர் வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கட்டியதும், ஜூரோங்கில் இருக்கும் என்னை அப்பா அழைத்தார். “ஏசி ஓடும்போது மோட்டார் போட்டா லைட் மங்குது, ஃபியூஸும் போகுது. எலக்ட்ரீஷியன் தடிமனான கம்பி போட்டுடலாம்கிறார்.”

“வேண்டாம்ப்பா” என்றேன். ஃபியூஸ் கம்பி தடித்தால் அது உருகாது. அதற்குப் பதில், கம்பத்திலிருந்து வரும் பழைய வயர் சூடாகும்.

இருவரும் கணக்குப் போட்டோம். வாரியம் அனுமதித்த மின்பளு 2 கிலோவாட். புதிய இரண்டு ஏசிகளுக்கு 3, வாட்டர் ஹீட்டருக்கு 2. மொத்தம் 7. தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டைத் தாண்டினால் ஒருமுனை இணைப்பு போதாது, மும்முனை வேண்டும். கூடுதல் மின்பளு கேட்டு மின்வாரிய இணையத்தளத்தில் இங்கிருந்தே விண்ணப்பித்தேன். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் வயரிங் சோதனை அறிக்கையை அப்பா வாங்கினார்.

மும்முனை வந்தாலும், எல்லாவற்றையும் ஒரே முனையில் மாட்டினால் அந்த ஃபியூஸ் மறுபடியும் போகும். அதனால் ஏசிகளை ஆளுக்கொரு முனையிலும், ஹீட்டரையும் மோட்டாரையும் மூன்றாவதிலும் கொடுக்கச் சொன்னேன்.

ஊரில் மாடி எடுப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பூசிய பிறகு வயரைப் பிரிக்கச் சுவரைத்தான் கொத்த வேண்டும்.