சுனாபட்டி அண்ணாச்சியின் டிரஸ்ட் பத்திரம்

சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒரு பத்திர நகலோடு வந்தார். ஐம்பது லட்ச ரூபாய் டெபாசிட்டை டிரஸ்டில் போட்டு, அதன் வட்டி பேத்திக்கும் பேரனுக்கும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. பேத்தி புனேயில் வேலை, 20 சதவீத வரிப் படியில் இருக்கிறாள். பேரனுக்கு இருபது வயது, படிக்கிறான், வேறு வருமானம் கிடையாது. டிரஸ்டி அவருடைய மச்சான்.

"தம்பி, வரி யாருக்கு? மச்சானுக்கா, பிள்ளைகளுக்கா?" என்றார்.

வட்டி 7.2 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 3,60,000. பத்திரத்தில் "டிரஸ்டி தன் விருப்பப்படி பகிர்ந்து கொடுக்கலாம்" என்று வக்கீல் எழுதியிருந்தார். எல்லாச் சிக்கலும் அந்த ஒரு வரியில்தான்!

ஆளுக்குப் பாதி என்று பத்திரத்திலேயே பங்கு குறித்திருந்தால், டிரஸ்டி வெறும் பிரதிநிதி. பயனாளி நேரில் கட்டினால் எவ்வளவோ, அவ்வளவுதான் அவரும் கட்டவேண்டும். பேரனின் 1,80,000-க்கு வரி இல்லை. பேத்தியின் 1,80,000-க்கு 36,000, அதோடு 4 சதவீத செஸ், ஆக 37,440. (பேரன் மைனராக இருந்திருந்தால் அவன் பங்கு பெற்றோர் வருமானத்தில் சேர்ந்திருக்கும்.)

பங்கு குறிக்காவிட்டால் முழுத் தொகைக்கும் உச்ச விகிதம். 30 சதவீதம் 1,08,000, செஸ்ஸோடு 1,12,320. இதன்மேல் உச்சபட்ச சர்சார்ஜும் உண்டு என்று வரித்துறை சொல்லிவந்தது. வருமான அளவுக்கு ஏற்ற சர்சார்ஜ்தான் என்று மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2025 ஏப்ரலில் சொன்னது. அந்தக் கணக்கில் இவருக்கு சர்சார்ஜ் இல்லை.

இதற்கு விலக்குகள் உண்டு. பயனாளிகள் யாருக்குமே வரி வரம்பைத் தாண்டிய வேறு வருமானம் இல்லாமல், வேறு டிரஸ்டிலும் அவர்கள் பயனாளியாக இல்லாமல் இருந்தால் உச்ச விகிதம் வராது. உயிலில் எழுதிய ஒரே டிரஸ்டுக்கும் அப்படியே. அண்ணாச்சிக்கு இரண்டும் பொருந்தாது, பேத்தி சம்பாதிக்கிறாளே!

"சரி, மச்சான் அந்த வருஷமே பணத்தைக் கொடுத்துட்டா?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. கமலினி கட்டாவ் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், அப்படி அந்த ஆண்டே பயனாளி கைக்குப் போன பணத்துக்கு அவரிடமே நேரடியாக வரி போடலாம் என்றது. ஆனால் அது வரித்துறையின் உரிமை, நம்முடையது அல்ல. டிரஸ்டியையே பிடித்தாலும் கேட்கமுடியாது. இருவரிடமும் வசூலிக்க முடியாது என்பதுதான் ஆறுதல்.

இவையெல்லாம் 1961 சட்டத்தின் 161, 164, 166 பிரிவுகள். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வந்து எண்கள் மாறின, அடிப்படை அதேதான்.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது: வேண்டும்போது பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அண்ணாச்சிக்கு உரிமை! அது இருக்கும்வரை மச்சானும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, வரி அண்ணாச்சி தலையில்தான். பதிவு செய்யுமுன் இரண்டு வரியையும் மாற்றச் சொல்லி வக்கீலிடம் திருப்பி அனுப்பினேன்.