உலர்ந்த மண்ணின் எடைக்கே சிமிண்டு: மலாக்கா தோட்டச் சடக்குகளின் அடிமண்

மலாக்கா மாநிலத்தின் தோட்டச் சடக்குகள் பெரும்பாலும் செம்மண்ணின் மேல் ஓடுகின்றன. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் மேட்டு நிலத்தில் இரும்புச் சரளை கலந்த செம்பூரான் மண் நிறைய உண்டு. மலேசிய மண்ணியலார் இம்மண் வகை ஒன்றுக்கு மலாக்காவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் 1511இல் நகரைப் பிடித்தபின் எழுப்பிய கோட்டையிலும் செம்பூரான் கல்லே இருக்கிறது. கடற்கரையை நெருங்கும்போது இந்த மண் மறைந்து, சாம்பல் நிறக் களிமண் தொடங்கும். செம்மண் காய்ந்திருக்கும்வரை கெட்டியாக நிற்கும். களி மிகுந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரின் சக்கரம் அதில் பள்ளம் போட்டுவிடும். மேலே சரளை கொட்டினாலும் அடுத்த மழைக்காலத்தில் அது சேற்றுக்குள் போய்விடும். சரளைக்குக் கீழே உள்ள அடிமண்தான் பலவீனம்.

அடிமண்ணின் தாங்குதிறனைச் சி.பி.ஆர். என்ற அளவு காட்டும். ஓர் உலோகத் தண்டை மண்ணுக்குள் அழுத்தத் தேவைப்படும் விசை, தரமான உடைகல்லில் அதே ஆழத்துக்கு அழுத்தத் தேவைப்படும் விசையில் எத்தனை சதவீதம் என்பதே அது. மழை நாட்டில் இந்தச் சோதனையை நனைத்த மண்ணில் செய்ய வேண்டும். மலேசியப் பொதுப்பணித் துறையின் ஏ.டி.ஜே. 5/85 கையேட்டின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், குறைந்த, நடுத்தரப் போக்குவரத்துள்ள சடக்குகளுக்கும் அடிமண்ணின் சி.பி.ஆர். குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அது எட்டாத இடத்தில் குறைந்தது 0.3 மீட்டர் ஆழ மண்ணை மாற்ற வேண்டும் அல்லது வலுப்படுத்த வேண்டும். தோட்டத்து உள்சடக்குக்கு இந்தக் கையேட்டை எழுதவில்லை என்றாலும் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளலாம். நல்ல மண்ணை லாரியில் கொண்டுவரச் செலவு அதிகமானால், இருக்கும் மண்ணிலேயே சுண்ணாம்போ சிமிண்டோ கலந்து இறுக்குவது அடுத்த வழி.

எதைக் கலப்பது என்பதை மண்ணே சொல்லிவிடும். பிடித்தால் உருண்டு நீளும் களிமண்ணுக்குச் சுண்ணாம்பு ஏற்றது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்துகள்களை ஒன்றுசேர்ப்பதால், ஒட்டும் மண் சில மணி நேரத்திலேயே பொலபொலவென்று உதிரும் மண்ணாகிவிடும். பிறகு வாரக்கணக்கில் மெதுவாக இறுகும். மணலும் சரளையும் மிகுந்து களி குறைந்த மண்ணில் சுண்ணாம்புக்கு வினைபுரிய எதுவும் இராது. அங்கே தன்னளவிலேயே இறுகும் சிமிண்டு வேண்டும். நெகிழ்வுக் குறியீடு பத்துக்கு மேல் போனால் சுண்ணாம்பு, கீழே இருந்தால் சிமிண்டு என்பது தொடக்கத்துக்கு உதவும் விதி. ஆனால் மேற்குக் கடற்கரையின் அலையாத்திச் சேற்றில் கந்தகமும் மக்கிய இலைதழையும் இருக்கலாம். கந்தகம் சல்பேட்டாக மாறினால் கலந்த மண் ஊதி வெடிக்கும். மக்கிய பொருள் இறுகலைத் தடுக்கும். கறுத்து, அழுகல் வாடை வீசும் மண்ணில் ஆய்வகச் சோதனை இல்லாமல் எதையும் கலக்கக்கூடாது.

தோட்டங்களுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. செம்பனைக்குப் போடுவதற்காக ஜி.எம்.எல். என்னும் அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் பண்டகசாலையில் மூட்டைமூட்டையாக இருக்கும். பெயரும் நிறமும் ஒத்திருப்பதால் அதையே சடக்கில் கொட்டிவிடத் தோன்றும். அது சுடாத கல்லின் தூள். மண்ணின் புளிப்பைக் குறைக்கும், ஆனால் மண்ணைப் பிணைக்காது. சடக்குக்கு வேண்டியது சூளையில் சுட்ட சுண்ணாம்பு, அல்லது அதை நீற்றிய தூள். சுட்டு நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால் ஆள் வைத்துக் கையால் பரப்பும் இடத்தில் நீற்றிய தூள்தான் பாதுகாப்பு. அதற்கும் கண்ணாடி, கையுறை, முகமூடி கட்டாயம்.

எத்தனை சதவீதம் கலப்பது என்பதை ஆய்வகம் தீர்மானிக்கும். 3, 5, 7 சதவீதங்களில் மாதிரிகளைச் செய்து, ஈரம் போகாமல் ஏழு நாள் வைத்து, நனைத்து வலிமை பார்ப்பார்கள். சுண்ணாம்புக்கு இன்னொரு சுருக்கமான சோதனையும் உண்டு. 25 கிராம் உலர்மண், 100 மில்லி தண்ணீர், வெவ்வேறு அளவு சுண்ணாம்பு ஆகியவற்றைக் குப்பிகளில் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். பி.எச். 12.4ஐ எட்டவைக்கும் மிகக் குறைந்த சுண்ணாம்பு அளவே தொடக்க அளவு. வெப்பமண்டலச் செம்மண்ணில் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. காரம் ஏறினாலும் வலிமை ஏறாத மண் உண்டு.

இப்படிக் கிடைக்கும் சதவீதம் உலர்ந்த மண்ணின் எடைமேல் கணக்கிட்டது. மண்ணிலுள்ள தண்ணீருக்குச் சிமிண்டு தேவையில்லை. காலை வெயிலில் அள்ளிய மண்ணும் மாலை மழைக்குப் பின் அள்ளிய மண்ணும் தராசில் வேறு எடை காட்டும். உள்ளே இருக்கும் மண் ஒன்றுதான். ஆகவே முதலில் ஈரத்தை அளக்க வேண்டும்.

சடக்கின் மூன்று நான்கு இடங்களில், கலக்கப்போகும் முழு ஆழத்திலிருந்தும் மண்ணை எடுத்து மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஒரு டப்பா 40 கிராம் என்போம். ஈர மண்ணோடு 290 கிராம் இருக்கிறது. 105 முதல் 110 டிகிரி சூட்டு அடுப்பில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை, வழக்கமாக ஒரு நாள், உலர்த்தியபின் 240 கிராம். போன தண்ணீர் 50 கிராம், மிஞ்சிய உலர்மண் 200 கிராம். ஐம்பதை இருநூறால் வகுத்தால் ஈரம் 25 சதவீதம். ஈர மண்ணின் 250 கிராமால் வகுத்தால் 20 சதவீதம் வரும். அது வேறு கணக்கு. வேலைத்தளத்தில் பயன்படும் கால்சியம் கார்பைடு ஈரமானியின் முள் காட்டுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான். முள் 20 என்றால் மிச்சம் 80. இருபதை எண்பதால் வகுத்து 25 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தை விட்டுவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லா எண்ணும் வழுக்கிப்போகும்.

ஒரு சடக்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 120 மீட்டர், அகலம் 3 மீட்டர், இறுக்கியபின் வேண்டிய கனம் 150 மில்லிமீட்டர். கன அளவு 54 கனமீட்டர். களி குறைந்த சரளைச் செம்மண் என்பதால் சிமிண்டு 5 சதவீதம் என்று ஆய்வகம் சொல்லியிருக்கிறது. ஆய்வக உச்ச உலரடர்த்தி கனமீட்டருக்கு 1,790 கிலோ. களத்தில் அதில் 95 சதவீதம் எட்டினால் போதும் என்றால் 1,700 கிலோ. ஐம்பத்து நான்கை 1,700ஆல் பெருக்கினால் உலர்மண் 91,800 கிலோ. அதில் 5 சதவீதம் 4,590 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் 92 மூட்டை.

இதே இடத்தில் ஈர மண்ணின் எடையை எடுத்தால் என்ன ஆகும்? 25 சதவீத ஈரத்தோடு மண் 1,14,750 கிலோ. அதற்கு 5 சதவீதம் போட்டால் 115 மூட்டை. இருபத்து மூன்று மூட்டை வீண் செலவு என்பதோடு நிற்காது, கூடுதல் சிமிண்டால் அடுக்கு விறைத்துச் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் அடியில் இறங்கும். ஈரம் 25 என்று தெரிந்தும், ஈர எடையிலிருந்து 25 சதவீதத்தை அப்படியே கழிப்பவர்களும் உண்டு. அப்போது 86,062 கிலோ வந்து 86 மூட்டையோடு வேலை முடியும், ஆறு குறையும். சரியான வழி, ஈர எடையை 1.25ஆல் வகுப்பது. மீண்டும் 91,800 கிடைக்கும்.

கிளற வேண்டிய ஆழம் 150 மில்லிமீட்டர் அல்ல. இறுக்கும் முன் தரையில் உள்ள மண்ணின் உலரடர்த்தி 1,450 கிலோ என்றால், அதே எடை மண் கிடைக்க 176 மில்லிமீட்டர் ஆழம் போக வேண்டும். தோட்டத்து டிராக்டர் ரொட்டவேட்டருக்கு இந்த ஆழம் பெரும்பாலும் எல்லை. 300 மில்லிமீட்டர் தேவைப்படும் சடக்கை இரண்டு அடுக்காகச் செய்து, இரண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு என்ற எண் லாரிக்கு உதவும். பரப்பும் ஆட்களுக்கு வேண்டியது வேறு எண். சதுர மீட்டருக்கு 12.75 கிலோ, அதாவது ஒரு மூட்டை 3.9 சதுர மீட்டருக்கு. மூன்று மீட்டர் அகலச் சடக்கில் 1.3 மீட்டருக்கு ஒரு மூட்டை. கயிற்றில் அந்த இடைவெளிக்கு முடிச்சுப் போட்டு மூட்டைகளை முதலிலேயே வரிசையாக வைத்துவிட்டால், அவிழ்த்துக் கொட்டும்போது யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. முடிவில் மூட்டை மிஞ்சினாலோ போதாமல் போனாலோ அங்கேயே தெரிந்துவிடும். எந்திரம் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் துணியைத் தரையில் விரித்து, அதில் விழுந்ததை நிறுத்துப் பார்ப்பார்கள். நல்ல மண்டோர் இந்தத் துணியைச் சடக்கின் ஓரத்திலும் விரிப்பார். தூள் குறைவது அங்கேதான்.

அதற்கு முன்னே தண்ணீர் கணக்கு இருக்கிறது. இந்த மண் நன்றாக இறுக 17 சதவீத ஈரம் போதும் என்றால், 25 சதவீதம் என்பது 8 சதவீதம் அதிகம். 91,800 கிலோவில் அது ஏழு டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர். அப்படியே உருளையை ஓட்டினால் மண் இறுகாது, ரப்பர்போல் அமுங்கி எழும். ஆகவே சிமிண்டை அவிழ்க்கும் முன் மண்ணைக் கிளறி வெயிலில் காயவிட்டு, ஈரத்தை மறுபடி அளக்க வேண்டும். ஈரம் மாறினாலும் 92 மூட்டை மாறாது. உலர்மண் எடையைப் பிடித்துக்கொள்வதன் பயன் இதுதான். பிற்பகல் இடிமழை வழக்கமான நாட்களில், அன்று முடிக்கக்கூடிய நீளத்துக்கு மட்டுமே மூட்டையைப் பிரிக்க வேண்டும். சிமிண்டும் ஈர மண்ணும் சேர்ந்த நேரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் உருளை வேலை முடிந்தாக வேண்டும். தாமதித்தால் பிடித்த பிணைப்பை உருளையே உடைத்துவிடும். சுண்ணாம்புக்கு இந்த அவசரம் இல்லை. கனத்த களியில் ஒருமுறை கலந்து லேசாக மூடி, ஓரிரு நாள் ஊறவிட்டு, மீண்டும் கலந்து இறுக்குவதே நல்லது.

சுண்ணாம்பின் எடையில் இன்னொரு திருத்தம் உண்டு. ஆய்வகம் நீற்றிய சுண்ணாம்பில் சதவீதம் சொல்லியிருந்து, களத்துக்கு வருவது நீற்றாதது என்றால், அந்த எடையில் முக்கால் பங்கு போதும். நீற்றும்போது 56 பங்கு 74 பங்காகிறது என்பதே காரணம்.

கலந்தது சரியா என்பதைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். குழியின் பக்கச் சுவரில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், சுண்ணாம்போ சிமிண்டோ சேர்ந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாகும். நிறம் 120 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் கத்தி ஆழம் போகவில்லை. இடையிடையே நிறமற்ற கட்டிகள் இருந்தால் களி உடையவில்லை, மறுபடி கிளற வேண்டும். ஆனால் நிறம் எவ்வளவு தூள் இருக்கிறது என்பதைச் சொல்லாது. இரண்டு சதவீதமும் ஐந்து சதவீதமும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். அளவுக்குச் சாட்சி மூட்டை எண்ணிக்கையும் துணியில் நிறுத்த எடையுமே.

இறுக்கிய அடுக்கு ஏழு நாள் காயாமல் இருக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கலாம், பிளாஸ்டிக் விரிப்பால் மூடலாம். அதுவரை குலை லாரியை வேறு வழியில் அனுப்ப வேண்டும். ஓரக் கால்வாயை முன்பே வெட்டித் தண்ணீருக்குப் போக்குக் காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுக்கின் விளிம்பு கீழிருந்து ஊறி உடையும். பக்குவமான இந்த அடுக்கும் சக்கரத்தின் நேரடித் தேய்ப்பைத் தாங்காது, தூளாகப் பெயரும். அதன்மேல் உடைகல்லோ தாரோ போட்டபிறகே சடக்கைத் திறந்துவிட வேண்டும்.